நாற்பது ஆண்டு எண்ணெய், முந்நூறு ஆண்டு நிலக்கரி: தப்புக் கணக்கு

எண்ணெய் இன்னும் நாற்பது ஆண்டில் தீர்ந்துவிடும், நிலக்கரி முந்நூறு ஆண்டுக்கு வரும். கள்ளக்குறிச்சியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கையில் இருக்கும் வழிகாட்டி நூல்கள் முதல் பட்டிமன்ற மேடை வரை இந்த வாக்கியம் சுற்றி வருகிறது. யாரும் இதற்குச் சான்று கேட்பதில்லை. எண்ணைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

இந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளும் தவறு. வேடிக்கை என்னவென்றால், ஒரு பாதி பயமுறுத்துகிறது, மறுபாதி தைரியம் சொல்கிறது, இரண்டும் பிறந்தது ஒரே பிழையிலிருந்து. மண்ணுக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் அளவை ஓர் ஆண்டுச் செலவால் வகுப்பதுதான் அந்தப் பிழை. வகுத்துக் கிடைக்கும் ஈவை "ஆண்டு" என்று படிக்கிறார்கள்.

அந்தக் கணக்கை நம் பக்கத்து ஊரிலேயே போட்டுப் பார்க்கலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் நெய்வேலி இருக்கிறது. இந்தியாவில் கண்டறியப்பட்டிருக்கும் பழுப்பு நிலக்கரி சுமார் 4,600 கோடி டன். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 3,600 கோடி டன் அளவுக்கு, தமிழ்நாட்டு மண்ணுக்குள் கிடப்பதாக அரசுப் பட்டியல்கள் சொல்கின்றன. நெய்வேலிச் சுரங்கங்கள் ஆண்டுக்கு வெட்டுவது இரண்டு கோடி டன்னுக்குச் சற்று மேல். வகுத்தால் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் வருகிறது.

ஆனால் அதே நெய்வேலியில் 2023 ஜூலையில் என்ன நடந்தது? சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வெட்ட, மேல்வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. அறுவடை வரை பொறுக்க முடியாது, நிலம் உடனே வேண்டும், இல்லையென்றால் மின்னுற்பத்தி தடைபடும் என்பது நிறுவனத் தரப்பின் வாதம். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுச் சரக்கு வைத்திருப்பவர் இரண்டு மாத அறுவடைக்குக் காத்திருக்க முடியாமல் போனது எப்படி? வகுத்தல் கணக்குக்கு இதற்குப் பதில் தெரியாது.

பதில் வேண்டுமானால் வளம், இருப்பு என்ற இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மண்ணுக்குள் கிடக்கிறது என்று நிலவியலாளர் மதிப்பிடும் மொத்தமும் வளம். இன்றைய தொழில்நுட்பத்தில், இன்றைய விலையில், இன்றைய சட்டத்தின் கீழ் லாபத்தோடு வெளியே எடுக்க முடிகிற பகுதி மட்டும் இருப்பு. அமெரிக்க நிலவியல் துறையின் வின்சென்ட் மெக்கெல்வி 1970-களின் தொடக்கத்தில் இதை ஒரு பெட்டியாக வரைந்து காட்டினார். பெட்டியின் ஒரு பக்கம், பொருள் அங்கே இருப்பது எவ்வளவு உறுதி என்பது. மறுபக்கம், அதை எடுப்பது கட்டுப்படியாகுமா என்பது. இரண்டிலும் தேறும் மூலை மட்டுமே இருப்பு. அந்த மூலையின் எல்லைக் கோடு நிலையானது அல்ல. விலை ஏறினால் விரியும், புதுக் கருவி வந்தால் விரியும், சட்டம் குறுக்கே வந்தால் சுருங்கும்.

நெய்வேலியின் வரலாறே அந்தக் கோடு நகர்ந்த கதைதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் மேலே வந்தது. பழுப்பு நிலக்கரி அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் நெய்வேலி நிறுவனம் உருவானது 1956 நவம்பரில். சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தது 1957 மே மாதத்தில். கரிப்படிவம் வெயிலைக் கண்டது 1961-இல். கால் நூற்றாண்டு தாமதத்துக்குப் போரும் ஆட்சி மாற்றமும் ஒரு காரணம் என்றால், அவற்றைவிடப் பெரிய காரணம் தண்ணீர்.

படிவத்துக்கு அடியில் பெரிய நீர்த்தாங்கி ஒன்று அழுத்தத்தோடு படுத்திருக்கிறது. அந்த நீர் கீழிருந்து மேலாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை முட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே இருக்கும் மண்ணின் பாரம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. மண்ணை அள்ள அள்ளப் பாரம் குறையும். ஒரு கட்டத்தில் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் உள்ளே புகும். ஆகவே தோண்டுவதற்கு முன்பே சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி, இரவும் பகலும் நீரை இறைத்து, அழுத்தத்தைப் படிவத்தின் அடிமட்டத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். தொடக்க காலத்தில் ஒரு டன் கரிக்குப் பத்து டன்னுக்கும் மேலான நீர் வெளியேறியது. பம்புகள் நின்றால் சுரங்கமும் நிற்கும். இன்றும் நிலைமை அதுதான்.

அடுத்த தடை மேல்மண். ஒரு டன் கரியை எடுக்க ஐந்து, ஆறு கன மீட்டர் மண்ணை அப்புறப்படுத்த வேண்டும், அதிலும் கடினமான கடலூர் மணற்கல்லை. சக்கர வாளி இயந்திரங்களை ஜெர்மனியிலிருந்து இறக்கி, மணற்கல்லை வெடி வைத்துத் தளர்த்திய பிறகே வேலை ஓடியது. முதலியாரின் கிணற்றில் தெரிந்தது வளம். பம்பும் சக்கர வாளியும் அருகிலேயே ஒரு மின்நிலையமும் சேர்ந்த பிறகு அது இருப்பாயிற்று. மண்ணுக்குள் இருந்த கரி இடையில் ஒரு கைப்பிடிகூடக் கூடவில்லை.

இதே கோடு பின்னோக்கியும் நகரும். அதையும் தமிழ்நாடு கண்ணால் பார்த்தது. 2023 மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு அறிவித்த பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு என்ற மூன்று தமிழ்நாட்டுப் பகுதிகள் இருந்தன. டெல்டா கொதித்தது. முதல்வர் கடிதம் எழுதினார், சட்டமன்றத்தில் எதிர்ப்புக் குரல் எழுந்தது, 2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நினைவூட்டப்பட்டது. ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்குவதற்குள் மூன்று பகுதிகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. வயலுக்கு அடியில் கிடக்கும் கரி அங்கேயே கிடக்கிறது. எடுக்கும் வழி மட்டும் அடைபட்டது.

தமிழ்நாட்டின் 3,600 கோடி டன்னில் மிகப் பெரிய பகுதி மன்னார்குடி வட்டாரத்தில், தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களின் நெல்வயல்களுக்கு அடியில் இருக்கிறது. அதன் அளவு மட்டும் 2,000 கோடி டன்னுக்கு மேல். பெரும்பகுதி 150 மீட்டருக்கும் கீழே. நெய்வேலியில் செய்வதுபோலத் திறந்தவெளியில் வெட்டுவதற்கு அது ஏற்ற ஆழம் இல்லை. சுரங்கப்பாதை அமைத்து வெட்டலாம் என்றால், மேலே இளகிய வண்டலும் நீர்த்தாங்கிகளும். இதையும் சேர்த்துத்தான் வழிகாட்டி நூல் ஆண்டுக் கணக்குப் போடுகிறது. பட்டியலில் "நிரூபிக்கப்பட்டது" என்ற பிரிவில் நாடு முழுவதற்கும் இருக்கும் பழுப்பு நிலக்கரி மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு அளவே தேறும்.

அந்த "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லையும் நம்பி ஏமாறக் கூடாது. இந்திய நிலக்கரிப் பட்டியல் பல பத்தாண்டுகளாகப் பின்பற்றிய முறைப்படி, துளையிட்ட இடத்திலிருந்து 200 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் படிவம் நிரூபிக்கப்பட்டது. துளைகள் இன்னும் தள்ளித் தள்ளி இருந்தால் குறிப்பிடப்பட்டது, அதற்கும் அப்பால் ஊகிக்கப்பட்டது. இது துளைகளின் நெருக்கத்தைச் சொல்லும் அளவீடு. எடுப்பது கட்டுப்படியாகுமா என்ற கேள்வியே இதில் இல்லை. 90 சென்டிமீட்டர் கனமுள்ள படிவமும் கணக்கில் சேரும், 1,200 மீட்டர் ஆழத்தில் கிடப்பதும் சேரும். மேலே ஊர் இருக்கிறதா, ரயில் பாதை போகிறதா, காடு நிற்கிறதா என்று அது கேட்பதில்லை.

2023 ஏப்ரல் நிலவரப்படி நாட்டின் நிலக்கரி வளம் சுமார் 37,800 கோடி டன். 2023-24-இல் வெட்டியது கிட்டத்தட்ட 100 கோடி டன். மொத்தத்தை வகுத்தால் நானூறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, நிரூபிக்கப்பட்டதை மட்டும் வகுத்தால் இருநூறு. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் அந்தப் புகழ்பெற்ற முந்நூறு பிறந்திருக்க வேண்டும்.

வாதத்துக்காக முந்நூறையே ஒப்புக்கொள்வோம். செலவு இன்றைய அளவிலேயே நின்றால்தான் அது முந்நூறு. ஆண்டுக்கு 5 சதவீதம் செலவு கூடிக்கொண்டே போனால் அதே சரக்கு 57 ஆண்டில் காலி. கூட்டு வட்டி தெரிந்த எவரும் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒருபுறம் வளர்ச்சி வேண்டும் என்கிறோம், மறுபுறம் செலவு வளராது என்று வைத்து ஆண்டு எண்ணுகிறோம்.

இவ்வளவுக்கும் உள்ளிருக்கும் கரி முழுவதும் வெளியே வரும் என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. அது வராது என்பதற்குச் சாட்சி வெளியாள் இல்லை, கோல் இந்தியா நிறுவனமேதான். 2010-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது தன் வசம் உள்ள பகுதிகளில் சுமார் 6,400 கோடி டன் நிலவியல் வளம் இருப்பதாகச் சொன்ன அதே ஆவணத்தில், எடுக்கத்தக்கது என்று அது காட்டியது ஏறத்தாழ 2,170 கோடி டன். மூன்றில் ஒரு பங்கு. மேடையில் பேசும்போது பெரிய எண், காசு போடுகிறவரிடம் கையெழுத்திட்டுத் தரும்போது சிறிய எண். ஒரு நிறுவனத்தின் இரண்டு எண்களில் எதை நம்புவது என்ற சந்தேகம் வந்தால், பொய்யாக இருந்தால் வழக்கு வரும் எண்ணை நம்புவதே புத்திசாலித்தனம். வெளிநாட்டிலும் இதுதான் கதை. ஷெல் நிறுவனம் 2004 ஜனவரியில் தன் நிரூபிக்கப்பட்ட எண்ணெய், எரிவாயு இருப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கணக்கிலிருந்து இறக்கியது. எந்தக் கிணறும் அன்று வற்றவில்லை. தலைமை நிர்வாகியின் பதவி மட்டும் போயிற்று.

"இருக்கிறது, எடுத்தால் போதும்" என்ற பேச்சு கல்வராயன் மலையைப் பற்றியும் அவ்வப்போது எழும். நிலக்கரி பற்றிய மட்டில் அதற்கு இடமே இல்லை. கல்வராயன் மலையின் உடம்பு சார்னோகைட் என்ற பாறை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவாகி, 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. நிலக்கரிக்கு மூலமான நிலத் தாவரங்கள் தோன்றியே 50 கோடி ஆண்டு ஆகவில்லை. காடே பிறக்காத காலத்துப் பாறைக்குள் காட்டின் எச்சத்தைத் தேட முடியாது. கிழக்கே சமவெளியில், விருத்தாசலம் தாண்டியதும், கோமுகியும் மணிமுத்தாறும் போய்ச் சேரும் வெள்ளாற்றுப் பக்கத்தில்தான் இளைய வண்டல் படிவங்கள் தொடங்குகின்றன. நெய்வேலிக் கரி அந்தப் படிவங்களுக்குள் கிடக்கிறது.

இனி வாக்கியத்தின் முதல் பாதி, நாற்பது ஆண்டு எண்ணெய். 1980-இல் உலகின் நிரூபிக்கப்பட்ட எண்ணெய் இருப்பு 70,000 கோடி பீப்பாய்க்குச் சற்றுக் குறைவு. அன்றைய செலவால் வகுத்தால் முப்பது ஆண்டு. 2010-இல் கடைசிப் பீப்பாய் தீர்ந்திருக்க வேண்டும். 2020-இல் இருப்பு 1,70,000 கோடி பீப்பாயைத் தாண்டியிருந்தது, வகுத்தால் ஐம்பது ஆண்டு வந்தது. நாற்பது ஆண்டு எரித்த பிறகு கையிருப்பு இரண்டு மடங்குக்கு மேல்.

இதைக் காட்டி "தீரவே தீராது" என்று கூத்தாடுவோரும் உண்டு. அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். அந்த வளர்ச்சியில் ஒரு பெரும் பகுதி பேனாவால் வந்தது. 1980-களின் நடுவிலும் இறுதியிலும் குவைத், சவூதி அரேபியா முதலிய ஓபெக் நாடுகள், பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லாமலே, தங்கள் இருப்பைத் திடீரென உயர்த்தி அறிவித்தன. யாருக்கு எவ்வளவு உற்பத்தி ஒதுக்கீடு என்ற பேரம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கனடா இன்னொரு வழியில் உயர்ந்தது. அல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் நெடுங்காலமாக எல்லோருக்கும் தெரிந்த பொருள். 2002 இறுதியில் வெளியான மதிப்பீட்டில் 17,000 கோடி பீப்பாய்க்கு மேல் ஒரே மூச்சில் இருப்பாக ஏறியது. தார் போன்ற அந்தச் சரக்கை நீராவி செலுத்தி உருக்கி எடுப்பது கட்டுப்படியாகும் என்று முடிவாயிற்று, அவ்வளவுதான். வெனிசுலாவோ 30,000 கோடி பீப்பாய் வைத்திருக்கிறேன் என்று உலகிலேயே முதலிடம் கோருகிறது. ஆனால் பல ஆண்டுகளாக அதன் உற்பத்தி நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாயை எட்டவே திணறுகிறது.

உச்ச எண்ணெய்க் கோட்பாட்டை இந்த இடத்தில் நியாயமாக எடைபோட வேண்டும். ஷெல்லில் வேலை பார்த்த நிலவியலாளர் கிங் ஹப்பர்ட் 1956-இல் சான் ஆன்டோனியோவில் ஒரு கட்டுரை படித்தார். எண்ணெய் எப்போது தீரும் என்பது அவர் கேள்வியே அல்ல. உற்பத்தி எப்போது உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் என்று கேட்டார். ஏறத்தாழ மொத்தத்தில் பாதி தீரும்போது உச்சம் வரும் என்பது அவர் வரைந்த மணி வடிவ வளைகோட்டின் சாரம். அமெரிக்காவின் மொத்த எண்ணெய் 15,000 கோடி பீப்பாய் என்றால் 1965-வாக்கில் உச்சம், 20,000 கோடி என்றால் 1970-வாக்கில் உச்சம் என்றார். மொத்தத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டினாலும் நாள் ஐந்தே ஆண்டுதான் தள்ளிப்போகிறது. அந்தக் கட்டுரையின் கூர்மை அதில்தான் இருக்கிறது. வளரும் செலவின் முன்னால் பெரிய கண்டுபிடிப்பும் சிறிய அவகாசத்தையே வாங்கித் தருகிறது. அமெரிக்க உற்பத்தி 1970-இல் நாளுக்கு 96 லட்சம் பீப்பாயைத் தொட்டுவிட்டு இறங்கியது. ஹப்பர்ட் தீர்க்கதரிசியானார்.

பிறகு சறுக்கல். 2008-இல் 50 லட்சம் பீப்பாய்க்கு விழுந்திருந்த அமெரிக்க உற்பத்தி, பாறையைக் கிடைமட்டமாகத் துளைத்து நீரழுத்தத்தால் பிளக்கும் முறையால் மறுபடி ஏறி, 2018-இல் பழைய உச்சத்தைத் தாண்டியது. 2023-இல் 130 லட்சத்தை நெருங்கியது. ஹப்பர்ட்டின் வளைகோடு எங்கே உடைந்தது? மொத்தம் என்ற எண்ணை அவர் மாறாததாக வைத்திருந்தார். பாறை இடுக்கில் சிக்கிய எண்ணெய் அவர் காலத்தில் இருப்பு ஆகும் என்று கருதப்படவில்லை. பீப்பாய் 147 டாலர் வரை போன 2008-க்குப் பிறகு அது இருப்பாயிற்று.

ஆனாலும் அவரைக் கேலி செய்கிறவர்கள் அவர் சொன்னதில் பாதியை மறைக்கிறார்கள். வழக்கமான கிணறுகளிலிருந்து கிடைக்கும் கச்சா எண்ணெய் 2006-இல் நாளுக்கு 7 கோடி பீப்பாய் என்ற உச்சத்தைத் தொட்டுவிட்டது, இனி அதைத் தாண்டாது என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2010 அறிக்கையில் எழுதியது. அதன்பின் கூடிய எண்ணெயின் பெரும் பகுதி செலவு அதிகமான சரக்கு. இந்தியாவுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மும்பை ஹை 1989-இல் உச்சத்தைத் தொட்டது, பிறகு எத்தனையோ புத்துயிர்ப்புத் திட்டங்கள் வந்தும் அந்த உயரத்துக்குத் திரும்பவில்லை. நாட்டின் கச்சா எண்ணெய் உற்பத்தி 2011-12-இல் சுமார் 3.8 கோடி டன், பத்தே ஆண்டில் 3 கோடிக்கும் கீழே. தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. ஓர் எண்ணெய் வயலுக்கு ஹப்பர்ட் சரி, உலகத்துக்கு அவர் சொன்ன தேதி தவறு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்வதில் முரண்பாடு ஏதுமில்லை.

உச்சம் வருவதற்குச் சரக்கு தீர வேண்டும் என்றும் இல்லை. பிரிட்டனின் நிலக்கரி தீரப்போகிறது என்று ஜெவன்ஸ் 1865-இலேயே நூல் எழுதினார். 1913-இல் 29 கோடி டன் வெட்டி உச்சத்தைத் தொட்டார்கள். கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டது, கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று அணைக்கப்பட்டது. பிரிட்டன் மண்ணுக்கு அடியில் இன்றும் நிலக்கரி உண்டு. வாங்க ஆளில்லை.

மூன்றாவது தப்பெண்ணம் வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கிறது. நிலக்கரி என்றால் நிலக்கரிதான், டன் என்றால் டன்தான் என்ற நினைப்பு அது. இதை மறுக்கக் கள்ளக்குறிச்சிக்காரர் நெய்வேலி வரைகூடப் போக வேண்டாம். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் பாய்லர் பக்கம் நின்றால் போதும். ஆலையிலிருந்து வெளிவரும் கரும்புச் சக்கையில் பாதி எடை ஈரம். ஒரு கிலோவில் கிடைக்கும் வெப்பம் சுமார் 2,250 கிலோகலோரி. ஈரம் கொஞ்சம் ஏறினாலும் நீராவி அழுத்தம் இறங்கும் என்பது அங்கே வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். நெய்வேலிக் கரியின் கதையும் இதேதான். அதிலும் ஏறத்தாழ பாதி எடை நீர். ஒரு கிலோவின் வெப்பம் 2,400 முதல் 3,000 கிலோகலோரி வரை. நேற்று வெட்டிய கரும்பின் சக்கைக்கும் கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த கரிக்கும் கிலோவுக்குச் சில நூறு கிலோகலோரிதான் வித்தியாசம்.

புதைந்த தாவரம் முதலில் பீட் ஆகிறது, பிறகு பழுப்பு நிலக்கரி, துணைப் பிட்டுமினஸ், பிட்டுமினஸ், கடைசியில் ஆந்த்ரசைட். ஒவ்வொரு படியிலும் புதைவின் ஆழமும் வெப்பமும் நீரையும் ஆக்சிஜனையும் பிழிந்து வெளியேற்றுகின்றன, கார்பனின் பங்கு கூடுகிறது. ஈரத்தையும் சாம்பலையும் கழித்துப் பார்த்தால் பழுப்பு நிலக்கரியில் கார்பன் 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஆந்த்ரசைட்டில் 92-க்கு மேல். ஜார்க்கண்ட், ஒடிசா நிலக்கரி 25 கோடி ஆண்டுக்கு மேல் பழையது. நெய்வேலிக் கரி வயதில் மிக இளையது, ஆழமாகப் புதையவும் இல்லை. ஈரம் போக அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இங்கே ஒரு சாமர்த்தியமான வாதம் வரும். பழுப்பு நிலக்கரியில் கார்பன் குறைவுதானே, அப்படியானால் புகையில் கரியமில வாயுவும் குறைவாகத்தானே வரும்? கிலோ கணக்கில் பார்த்தால் உண்மை. ஈரமும் சாம்பலும் போக ஒரு கிலோ நெய்வேலிக் கரியில் இருக்கும் கார்பன் 260, 270 கிராம். எரித்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. 6,000 கிலோகலோரித் தரமுள்ள பிட்டுமினஸ் ஒரு கிலோ எரித்தால் 2.3 கிலோ வரை. ஆனால் யாரும் கிலோவை வாங்கி வீட்டில் விளக்கெரிப்பதில்லை, யூனிட்டைத்தான் வாங்குகிறோம்.

ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கணக்கைப் போடலாம். 2,700 கிலோகலோரி உள்ள நெய்வேலிக் கரி, நல்ல நிலையில் உள்ள மின்நிலையத்தில், யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ வேண்டும். அந்தக் கிலோவுக்குள் இருக்கும் அரைக் கிலோ நீரை ஆவியாக்கவே 300 கிலோகலோரி அளவு புகைபோக்கி வழியே போய்விடுகிறது. வெளியாகும் கரியமில வாயு ஒரு கிலோவை ஒட்டி இருக்கும், பழைய நிலையத்தில் இன்னும் அதிகம். நல்ல பிட்டுமினஸ் கரியை நவீன நிலையத்தில் எரித்தால் 375 கிராம் போதும், கரியமில வாயு 0.85 கிலோ. இயற்கை எரிவாயு என்றால் 0.4 கிலோவை ஒட்டி. கிலோவில் சாதுவாகத் தெரிந்த கரி யூனிட்டில் மற்றதைவிட முரடு.

ஈரம் மட்டும் காரணம் இல்லை. பழுப்பு நிலக்கரிக்குள் ஆக்சிஜன் நிறைய ஏற்கெனவே கார்பனோடு பிணைந்திருக்கிறது, பாதி எரிந்துவிட்ட பொருள் மாதிரி. ஆகவே கார்பனுக்கு ஏற்ற வெப்பம் வராது. ஆந்த்ரசைட்டில் வேறு வினோதம். கார்பன் அதிகம், ஹைட்ரஜன் குறைவு. ஹைட்ரஜன் எரிந்தால் வெப்பமும் நீராவியும்தான், கரியமில வாயு இல்லை. அந்த உதவி குறைவதால் ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு பயன்படுத்தும் அட்டவணையில், ஒரு டெராஜூல் வெப்பத்துக்குப் பிட்டுமினஸ் 94.6 டன் கரியமில வாயு தரும்போது ஆந்த்ரசைட் 98.3 டன் தருகிறது, பழுப்பு நிலக்கரி 101 டன். தரம் உயர்ந்தால் தூய்மையும் உயரும் என்ற நேர்க்கோடு இங்கே பொருந்தாது.

சாம்பல் இன்னொரு வில்லன். ஒடிசா, ஜார்க்கண்ட் நிலக்கரியில் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், எரியாத சாம்பல். ரயிலேறித் தமிழ்நாட்டுக்கு வரும் ஒவ்வொரு மூன்று பெட்டியிலும் ஒன்று கல்லையும் மண்ணையும் ஏற்றி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2012 ஜனவரி முதல் நிலக்கரி வெப்ப மதிப்பின்படி ஜி-1 முதல் ஜி-17 வரை தரம் பிரிக்கப்படுகிறது. முதல் தரம் கிலோவுக்கு 7,000 கிலோகலோரிக்கு மேல், கடைசித் தரம் 2,200 முதல் 2,500. இரண்டுமே பட்டியலில் "ஒரு டன் நிலக்கரி".

தரத்தை அளப்பது மாயவித்தை அல்ல. மாதிரியை அரைத்து, ஒரு கிராம் அளவு எடுத்து, எஃகுக் கலத்துக்குள் அழுத்த ஆக்சிஜனில் எரித்து, சுற்றியுள்ள நீர் எத்தனை டிகிரி சூடாகிறது என்று பார்க்கிறார்கள். ஏமாற்று நடப்பது கலத்துக்கு வெளியே. வந்த நிலையில் அளந்ததா, காற்றில் உலர்த்தி அளந்ததா, முற்றிலும் ஈரம் நீக்கி அளந்ததா என்பதைப் பொறுத்து ஒரே கரிக்கு மூன்று எண்கள் வரும். 2,700 கிலோகலோரி நெய்வேலிக் கரியை ஈரமில்லாத கணக்கில் சொன்னால் 5,400 ஆகிவிடும். எந்த அடிப்படையில் அளந்தது என்று எழுதாத தரச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 2014-வாக்கில் இந்தோனேசியாவிலிருந்து கிலோவுக்கு 3,500 கிலோகலோரி தரத்தில் வாங்கிய நிலக்கரி, 6,000 தரம் என்று தமிழ்நாட்டு மின்வாரியத்துக்கு விற்கப்பட்டதாக 2024 மே மாதம் பத்திரிகைகளில் குற்றச்சாட்டு வெளியானது, சம்பந்தப்பட்ட நிறுவனம் மறுத்தது. குற்றச்சாட்டின் உண்மை விசாரணைக்குரியது. கணக்கு மட்டும் எளியது. அந்தத் தர வித்தியாசத்தில் அதே மின்சாரத்துக்கு 1.7 மடங்கு கரி எரிய வேண்டும்.

தமிழ்நாட்டின் 3,600 கோடி டன்னை இப்போது மறுபடி எடுத்துப் பார்க்கலாம். 6,000 கிலோகலோரி நிலக்கரிக்கு ஈடாக மாற்றினால் அது 1,600 கோடி டன்னாகச் சுருங்கும். மன்னார்குடி ஆழத்தையும் வேளாண் மண்டலத்தையும் கழித்தால் இன்னும் பாதிக்கும் கீழே. மிச்சத்தில் ஒவ்வோர் ஏக்கருக்கும் மேலே ஒரு விவசாயியின் பட்டா இருக்கிறது.

வழிகாட்டி நூல் எழுதுகிறவர்கள் அந்த நாற்பதையும் முந்நூறையும் அடுத்த பதிப்பில் எடுத்துவிட வேண்டும். அவற்றின் இடத்தில், எந்த ஆழம் வரை எண்ணியது, எடுக்கத்தக்கது எவ்வளவு, கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி என்ற மூன்றையும் அச்சிடட்டும். கடலூர், கள்ளக்குறிச்சிப் பக்கம் அடுத்த முறை எரிபொருள் திட்டம் எதற்காவது மாவட்ட ஆட்சியர் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினால், மேடையில் இருப்பவர் "இத்தனை கோடி டன் இருக்கிறது" என்று தொடங்கியதும் எழுந்து நின்று கேளுங்கள்: அது வளமா, இருப்பா?